ஜெர்மன் பல்கலைக்குச் சான்றிதழ் அனுப்ப மூன்று முகவரி கிடைக்கிறது, எது சரி?

மதுரை_தென்றல்

தம்பிக்கு டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. சான்றொப்பமிட்ட நகல்களைத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதில்தான் குழப்பம். கையில் இருப்பவை இவை:

கடிதத்தின் மேல்பக்கம் சின்ன எழுத்தில் `Technische Universität Dresden, 01062 Dresden`. தெருப் பெயரே இல்லை.

ஒரு கன்சல்டன்சி தளத்தில் `Helmholtzstrabe 10, 1069 Dresden`.

கூகுள் மேப்பில் பல்கலையின் பெயரைப் போட்டால் வேறொரு தெரு வருகிறது.

தெருவும் போன் நம்பரும் இல்லாமல் புக்கிங் போட முடியாது என்று கூரியர் கடையில் சொல்லிவிட்டார்கள். "நெட்டில் இருப்பதைப் போட்டுக்கலாமே" என்று இரண்டாவதைக் காட்டுகிறார்கள். நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்க இரண்டு வாரம் ஆனது. தொலைந்தால் திரும்ப முதலிலிருந்து அலைய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமரன்77

முதல் முகவரியை நம்பாதீங்க. 01062-ஐ மேப்பில் போட்டுப் பார்த்தேன், ஒழுங்கான இடம் எதுவும் காட்டவில்லை. தெரு இல்லாத முகவரிக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

ஜெர்மன் நிறுவனங்களின் தளங்களில் பெரும்பாலும் அடியில் `Impressum` என்று ஒரு இணைப்பு இருக்கும். தளத்தை நடத்துபவர் தன் முழு முகவரியை அங்கே கொடுத்தாக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதைவிட அதிகாரபூர்வமான முகவரி கிடையாது. அதை அப்படியே எடுத்து கவரில் எழுதுங்கள்.

எல்பே_கரை

குமரன் சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. நிதானமாகவே எழுதுகிறேன்.

01062 போலி இல்லை. ஜெர்மனியில் நிறையக் கடிதம் வரும் பெரிய நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு பின்கோடு கொடுப்பார்கள். அந்த எண் ஊரின் ஒரு பகுதியைக் குறிப்பதில்லை, அந்த நிறுவனத்தை மட்டுமே குறிக்கும். டிரெஸ்டன் பல்கலைக்கு 01062 அப்படிப்பட்டது. ஆஹன் நகரத்துப் பல்கலைக்கும் இதே ஏற்பாடுதான்: கடிதத்துக்கு 52056, கட்டடம் நிற்கும் பகுதிக்கு 52062. கடிதம் பிரிக்கும் இடத்தில் அந்த ஐந்து இலக்கத்தைப் பார்த்ததும் மொத்தமாகப் பல்கலையின் தபால் பிரிவுக்குப் போய்விடும். நிலப்பரப்பு இல்லாத எண் என்பதால்தான் மேப்பில் உருப்படியாக எதுவும் வரவில்லை. மேப்பில் இல்லை என்பதை வைத்து முகவரி தவறு என்று முடிவு கட்டக் கூடாது.

இம்ப்ரெசும் பற்றிய சட்டம் உண்மைதான். 2024 மே வரை ஒரு சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்த முகவரி எதற்கு என்று பாருங்கள். தளத்துக்குப் பொறுப்பானவருக்கு நோட்டீஸ் அனுப்ப. அதில் சேர்க்கைப் பிரிவின் பெயர் இருக்காது. அங்கே அனுப்பினால் பல்கலை வாசல் வரைக்கும் போகும், பிறகு எந்த மேசைக்கு என்று யாராவது உறையைப் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். தளம் உண்மையானதா என்று சோதிக்க இம்ப்ரெசும் நல்ல இடம். உறையில் எழுத எடுக்கும் இடம் அதுவல்ல.

தென்றல், அந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தில் அடிப்பகுதியைப் பாருங்கள். இந்தப் பல்கலையின் கடிதத் தாளில் கீழே பொடி எழுத்தில் பத்தி பத்தியாக முகவரிகள் இருக்கும். `Briefe` என்றால் கடிதங்கள். `Pakete u.ä.` என்றால் பார்சலும் அது போன்றவையும். `Besucheradresse` என்றால் நேரில் வருபவர்களுக்கு. மூன்றையும் இங்கே எழுதுங்கள்.

யாழ்_நிலா

வணக்கம். எனக்கும் இதே சிக்கல். ஆனா ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கிற எல்லாரும் பெர்லினில இருக்கிற யூனி-அசிஸ்டுக்குத்தானே ஆவணம் அனுப்ப வேணும்? நேரா பல்கலைக்கு அனுப்பினா திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு சொல்லினம். மற்றது, டெல்லியில ஏபிஎஸ் எண்டு ஒரு இடத்துக்கும் அனுப்ப வேணுமோ? நான் கொழும்பில படிச்சனான்.

எல்பே_கரை

நிலா, நீங்கள் கேட்பது ஒரு படி முந்தையது. விண்ணப்பிக்கும் கட்டமும் இடம் கிடைத்த பிறகு பதிவு செய்யும் கட்டமும் வேறு வேறு.

யூனி-அசிஸ்ட் என்பது பல பல்கலைகளுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை முதலில் சரிபார்க்கும் அமைப்பு. பெரும்பாலும் `my.uni-assist.de` தளத்தில் ஸ்கேன் ஏற்றினால் போதும். சில பல்கலைகள் மட்டும் காகித நகலும் கேட்கின்றன. அப்படிக் கேட்டால், யாருக்கு எந்த முகவரிக்கு என்று `uni-assist.de` தளத்திலும் அந்தப் பல்கலையின் சேர்க்கைப் பக்கத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பாருங்கள். தென்றலின் தம்பிக்கு இடமே கிடைத்துவிட்டது. கேட்பது பல்கலை, அதனால் போக வேண்டியதும் பல்கலைக்கு. யார் கேட்டார்களோ அவர்களுடைய கடிதம்தான் முதல் ஆதாரம்.

இந்தியாவுக்கான ஏபிஎஸ் இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்கு. கொழும்பில் பட்டம் வாங்கிய உங்களுக்கு அது வேண்டாம்.

யாழ்_நிலா

நன்றி. நான் ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சு குழம்பிப் போனன்.

மதுரை_தென்றல்

கடிதத்தின் அடியைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பத்திகள் இருக்கின்றன! ஜெர்மனில் ஏதோ வங்கி விவரம் என்று நினைத்துப் படிக்காமலே விட்டிருந்தோம். கடிதம் என்பதற்குக் கீழே 01062 Dresden. பார்சலுக்குக் கீழே Helmholtzstraße 10, 01069 Dresden. நேரில் வருபவர்களுக்கு இன்னொரு தெரு. மேப்பில் வந்தது அந்த மூன்றாவதற்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் போல் இருக்கிறது.

அப்படியானால் கன்சல்டன்சி தளத்தில் இருந்தது சரியான முகவரிதானே?

எல்பே_கரை

அதே இடம்தான், ஆனால் நகலெடுத்ததில் இரண்டு எழுத்து கெட்டிருக்கிறது. இதைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். மற்ற தளங்களில் இருக்கும் ஜெர்மன் முகவரிகள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகின்றன.

ஒன்று, பின்கோடு. 01069 என்பதை எக்செலில் எண்ணாக அடித்தால் முன்னால் இருக்கும் சுழியம் விழுந்து 1069 ஆகிவிடும். யாரோ நூறு பல்கலைகளின் முகவரியை ஒரே ஷீட்டில் சேர்த்து, அதிலிருந்து தளத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். ஜெர்மனியில் 1993 முதல் பின்கோடு எப்போதும் ஐந்து இலக்கம். நான்கு இலக்கம் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற வேறு நாடுகளில். டிரெஸ்டன், லைப்சிக், யேனா போன்ற கிழக்கு நகரங்களின் எண்கள் சுழியத்தில் தொடங்குவதால் அடி வாங்குவதும் இவைதான்.

இரண்டு, ß. அது b இல்லை. இரண்டு s சேர்ந்த எழுத்து. ß அடிக்க முடியாவிட்டால் `strasse` என்று எழுத வேண்டும். `strabe` என்று எங்கே பார்த்தாலும், அதைப் போட்டவர் ஒரு ஜெர்மன் பக்கத்தைக் கண்ணால் பார்த்து அடித்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். அதேபோல் ü வராவிட்டால் ue. புள்ளிகளை விட்டுவிட்டு வெறும் u போடக் கூடாது.

இந்த இரண்டு பிழையோடு போனாலும் ஒருவேளை சேரும். டிரெஸ்டன் என்ற ஊர்ப் பெயரை வைத்து யாராவது திருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தளத்தில் மூன்றாவதாக ஒரு குறை இருக்கிறது: எந்த அலுவலகம் என்றே இல்லை. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் இருக்கும் பல்கலையில் அலுவலகப் பெயர் இல்லாத உறை தபால் பிரிவிலேயே காத்துக் கிடக்கும்.

தபால்பெட்டி

அஞ்சல் துறையில் கவுண்டரில் இருந்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் சேர்க்கிறேன். தெருவே இல்லாமல் பின்கோடு மட்டும் என்பது நமக்குப் புதிதில்லை. சபரிமலைக்கு 689713 என்று தனி எண் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

இங்கே கேட்க வேண்டியது "கடிதமா பார்சலா" என்பதுகூட இல்லை. யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதுதான். இந்திய அஞ்சலில் பதிவுக் கடிதமாகப் போட்டால் அங்கே அந்த நாட்டு அஞ்சல் துறை வாங்கிக்கொள்ளும், அவர்களுக்கு 01062 போதும். தனியார் கூரியரில் போட்டால் ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு வாசலுக்குப் போக வேண்டும். அவருக்குத் தெருவும் கதவு எண்ணும் வேண்டும். நாலே தாள் இருந்தாலும் கூரியரில் போனால் அது பார்சல் முகவரிக்குத்தான்.

இரண்டையும் கலக்காதீர்கள். தெருப் பெயரை எழுதி அதன் கீழே 01062 போடுவது பெரிய தப்பு. தெரு என்றால் 01069, தெரு இல்லை என்றால் 01062.

ராஜி_டெக்சாஸ்

அமெரிக்காவிலும் இதே கதை, வேறு பெயரில். என் அக்கா மகளுக்கு டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பியபோது பல்கலைப் பக்கத்தில் இருந்த பி.ஓ. பாக்ஸ் முகவரிக்குக் கூரியர் புக் பண்ணிவிட்டோம். பி.ஓ. பாக்ஸ் அமெரிக்க அஞ்சல் துறையுடையது. தனியார் கூரியர் அதற்குள் போட முடியாது. ஐந்து நாள் கழித்து முகவரி சரியில்லை என்று நின்றுவிட்டது. அதே பக்கத்தில் இன்னும் கீழே போயிருந்தால் கூரியருக்கென்று தெரு முகவரி தனியாக இருந்தது. முதலில் கண்ணில் பட்டதோடு நிறுத்திவிட்டோம்.

ஒரு சந்தேகம்: `.edu` என்று முடிந்தால் உண்மையான பல்கலை என்று நம்பலாம் அல்லவா? ஜெர்மனிக்கு அப்படி ஏதாவது உண்டா?

எல்பே_கரை

`.edu` இப்போது அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைக்கும். 2001க்கு முன்பே வாங்கி வைத்திருந்த சில பழைய பெயர்கள் விதிவிலக்கு. பிரிட்டனில் `.ac.uk` கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஜெர்மனியில் அப்படி வேலி கிடையாது. `.de` யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பல்கலையின் பெயரை வைத்து ஒரு ஏஜென்சியும் வாங்கலாம்.

அதனால் ஜெர்மனிக்கு நான் கூகுளில் தொடங்குவதில்லை. `hochschulkompass.de` என்று ஒரு தளம் இருக்கிறது, ஜெர்மன் பல்கலைத் தலைவர்களின் கூட்டமைப்பு நடத்துவது. அதில் பல்கலையைத் தேடினால் அதன் சொந்தத் தள முகவரி இருக்கும். அங்கிருந்து உள்ளே போக வேண்டும். அப்படிப் போனால் `tu-dresden.de` என்பது கிடைக்கும். இனி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அது வெறும் `tu-dresden.de` ஆகவோ, முன்னால் புள்ளியோடு `.tu-dresden.de` என்று முடிவதாகவோ இருந்தால் அவர்களுடையது. `tu-dresden.example.com` போல் இருந்தால் பல்கலையின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது வேறு யாருடையதோ. மின்னஞ்சலுக்கும் இதே கணக்கு: `mailbox.tu-dresden.de` அவர்களுடையதுதான், கடைசிப் பகுதி சரியாக இருக்கிறது.

தளம் பெரியது, பக்கம் கிடைக்கவில்லை என்றால் தேடலை அந்தத் தளத்துக்குள் அடக்குங்கள்:

```
site:tu-dresden.de Paketanschrift
site:tu-dresden.de Pakete 01069 Immatrikulation
```

வரும் முடிவில் இருக்கும் துணுக்கை மட்டும் படித்து நகலெடுக்காதீர்கள், பக்கத்தைத் திறங்கள். அந்தப் பல்கலையின் பக்கங்களில் அடியில் `Letzte Änderung` என்று கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். தேடலில் பழைய பிடிஎஃப் கையேடுகளும் வரும். அவை அதிகாரபூர்வத் தளத்தில் கிடந்தாலும் அலுவலகம் இடம் மாறுவதற்கு முன் எழுதப்பட்டவையாக இருக்கலாம். ஆங்கிலப் பக்கமும் ஜெர்மன் பக்கமும் வேறு வேறு சொன்னால், தேதி புதிதாக இருப்பதை எடுத்துக்கொண்டு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

குமரன்77

தனி பின்கோடு விஷயம் எனக்குத் தெரியாது. திருத்தியதற்கு நன்றி. ஆனால் கூகுள் மேப்பை ஏன் ஒதுக்க வேண்டும்? அதில் பல்கலையே தன் இடத்தைப் பதிந்திருக்குமே.

எல்பே_கரை

பதிந்திருக்கலாம். ஆனால் மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்க முடியும், எது அலுவலகம் பதிந்தது என்று பார்த்த உடனே தெரியாது. அதைவிட முக்கியமாக, மேப் காட்டுவது நீங்கள் நடந்து போக வேண்டிய வாசலை. தபால் வாங்கும் வாசல் வேறு. தென்றலுக்கு நடந்ததே அதுதான். நேரில் வருபவர்களுக்கான இடத்துக்குக் கூரியர் போனால் அலுவலக நேரம் முடிந்து பூட்டியிருக்கலாம், மேல்மாடியில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் இருக்கலாம்.

தென்றல், உறையில் இப்படி வரட்டும். கூரியருக்கு:

```
Technische Universität Dresden
<கடிதத்தில் உள்ள அலுவலகத்தின் பெயர்>
Helmholtzstrasse 10
01069 Dresden
GERMANY
```

இந்திய அஞ்சலுக்கு:

```
Technische Universität Dresden
<கடிதத்தில் உள்ள அலுவலகத்தின் பெயர்>
01062 Dresden
GERMANY
```

அலுவலகத்தின் பெயரை ஜெர்மனில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள், மொழிபெயர்க்க வேண்டாம். தபால் பிரிவில் அதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். தம்பியின் விண்ணப்ப எண்ணை உறையின் இடது மூலையிலும் உள்ளே ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் பென்சிலில் எழுதுங்கள். உறையைப் பிரித்த பிறகு தாள்கள் தனித்தனியாகிவிடும்.

அனுப்புவதற்கு முன் கடிதத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு, விண்ணப்பத்தில் கொடுத்த அதே மின்னஞ்சலிலிருந்து தம்பியே எழுதட்டும். மேலே உள்ள முகவரியை அப்படியே ஒட்டி, கூரியரில் அனுப்பப் போகிறேன், இது சரியா, எந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுக்கலாம் என்று மட்டும் கேட்டால் போதும். "உங்கள் முகவரி என்ன" என்று பொதுவாகக் கேட்டால் பக்கத்தின் இணைப்பை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

தபால்பெட்டி

போன் நம்பர் பற்றி. பதில் வரவில்லை என்றால் மாணவரின் நம்பரையே போடச் சொல்வேன். பல்கலையின் பொது எண்ணைப் போட்டால், ஓட்டுநர் கூப்பிடும்போது எடுப்பவருக்கு இந்த உறையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, கடையில் "டாக்குமென்ட்" என்று போடச் சொல்லுங்கள், மதிப்பு எழுத வேண்டாம். சரக்கு என்று பதிந்து ஏதாவது தொகை எழுதினால் சுங்கத்தில் நிற்கும். வரி கேட்டால் பல்கலை கட்டாது, உறை திரும்பி வரும்.

எல்பே_கரை

போன் விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். ஓட்டுநர் இந்திய எண்ணுக்குக் கூப்பிடுவார் என்று நம்புவது கடினம். அலுவலகப் பக்கத்தில் இருக்கும் நேரடி எண்ணைத்தான் போட வேண்டும்.

தபால்பெட்டி

அந்த எண் காலை இரண்டு மணி நேரம்தான் எடுப்பார்கள் என்று பல பக்கங்களில் போட்டிருக்கிறது. மாணவருக்குக் குறுஞ்செய்தியாவது வரும். நான் என் கருத்திலேயே இருக்கிறேன்.

மதுரை_தென்றல்

இரண்டு பேருக்கும் நன்றி. மின்னஞ்சல் இன்று மாலையே போய்விடும், போன் நம்பரை அவர்கள் சொல்வதைப் பார்த்து முடிவு பண்ணுகிறோம். கடைசியாக ஒன்று: டிராக்கிங்கில் "டெலிவர்ட்" என்று வந்துவிட்டால் வேலை முடிந்ததா?

எல்பே_கரை

தபால் பிரிவின் வாசலுக்குப் போனது என்று மட்டும் அர்த்தம். கையெழுத்தும் அங்கே இருப்பவருடையதுதான், சேர்க்கைப் பிரிவில் யாருடையதும் இல்லை. அங்கிருந்து மேசைக்குப் போய்ப் பதிவாகச் சில நாள் ஆகும். கடிதத்தில் இருக்கும் கடைசித் தேதி அஞ்சலில் சேர்த்த தேதியா, அங்கே வந்து சேர வேண்டிய தேதியா என்று பாருங்கள். `Eingang` என்ற சொல் இருந்தால் வந்து சேர வேண்டிய தேதி. அப்படியானால் கூரியர் சொல்லும் நாளோடு ஒரு வாரமாவது கூட்டி வைத்து அனுப்புங்கள். டிராக்கிங் ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் போர்ட்டலில் நிலை மாறவில்லை என்றால், ரசீது எண்ணையும் கையெழுத்துப் போட்டவரின் பெயரையும் சேர்த்து எழுதினால் தபால் பிரிவில் தேடிப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கும்.

மதுரை_தென்றல்

பார்த்துவிட்டேன், `Eingang` என்றுதான் இருக்கிறது. இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.